தனிச் சந்திரனும் எதிரே இருந்த வியாழனும்

தணிகாசலம் போய்விட்டான் என்ற செய்தியை அவன் மைத்துனன்தான் கொண்டுவந்தான். சாவைப் பதிய வில்லியனூர் மேரிக்கு, அதுதான் நகராட்சி ஆபீசுக்கு, வந்தவன், அப்படியே என் துணிக்கடைக்கும் வந்து நின்றான். பங்குனி வெயில். நான் வேட்டி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தேன். "மாமா வெடியக்காலம் பூட்டாரு பாய்," என்றான். மடித்த வேட்டியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு வண்டி பிடித்தேன்.

அவனைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், 'ஜோசியர் தணிகாசலம்' என்று நான் எழுதவில்லையே என்று கேட்பார்கள். அவன் நெல் விளைத்தவன், கரும்பு போட்டவன். பொழுது சாய்ந்தால் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஜாதகம் பார்ப்பான். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் மார்க்கமும் அதற்கு இடம் தரவில்லை. அதை அவன் முகத்துக்கு நேராகவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். "ஒங்க கட பலக நல்லா சில்லுன்னு கீது பாய், அதுக்குத்தான் வர்றேன்," என்பான். நம்பாதவன் கடையில் உட்கார்ந்து நம்புகிறவர்களுக்குப் பலன் சொல்லும் தைரியம் அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

ஆனால் அவன் சொந்த ஜாதகத்துக்கு முன்னால் அந்தத் தைரியம் செல்லாது. சின்ன வயதிலேயே தாய் போனாள், மீசை அரும்பும் முன், ஜோசியம் சொல்லிக் கொடுத்த தகப்பனும் போனார். அதற்கெல்லாம் அவனிடம் ஒரே பெயர் இருந்தது: கேமத்துருமம்.

அது என்ன என்று முதன்முதலில் அவன் எனக்கு விளக்கிய நாள் நினைவிருக்கிறது. துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, பலகையிலேயே பன்னிரண்டு கட்டம் போட்டான். மேல் வரிசையில் மேஷத்தில் சந்திரனை வைத்தான். "இதான் நான். இதுக்கு அடுத்த வூடு ரிஷபம். அதுல ஒரு கிரகம் இருந்தா சுனபா. முந்தின வூடு மீனம். அதுல இருந்தா அனபா. ரெண்டுலயும் இருந்தா துருதுரா. ரெண்டுலயும் இல்லன்னா கேமத்துருமம். அக்கம்பக்கம் ஆளில்லாத சந்திரன்."

நான் விடவில்லை. அவன் போட்ட கட்டத்திலேயே மீனத்தில் சூரியன் இருந்தது, ரிஷபத்தில் ராகு இருந்தது. "என்னடா, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதே?" என்றேன்.

"சூரியன் கணக்குல வராது பாய். ராகு கேதுவும் வராது. செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி, இந்த அஞ்சு பேருதான் தொணை."

"சூரியனைவிடப் பெரிய துணை எவன்டா?"

"அது பக்கத்துல போனா சந்திரனுக்கு இருக்கற வெளிச்சமும் பூடும். அது எப்படித் தொணை? ராகு வெறும் நெழலு. நெழலு கூடவா குடும்பம் நடத்த முடியும்?"

அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. வானத்தில் எங்கோ இருக்கும் ஒன்றைத் தன் வீட்டு வாசலில் நிற்கிறதுபோலப் பேசினான். நம்பாத எனக்கே முதுகு சிலிர்த்தது.

இருபத்து நாலு வயதில் பாகூரிலிருந்து அவனை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். செங்கேணி. கரும்பு ஆலையில் தகப்பனாருக்கு உதவியாக நின்ற பெண். அங்கே இவன் அவளைப் பார்த்திருக்கிறான், பேசியிருக்கிறான். பிடித்திருந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டான். என்னிடம் மட்டும் காரணம் சொன்னான். "எங்கிட்ட ஒட்டினவங்க யாரு தங்கினாங்க? அவளயும் கொண்டாந்து சாவக் குடுக்கவா பாய்?"

பாகூர்க்காரர்கள் வைகாசிக்குள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதே ஆள், அதே பலகையில், கேமத்துருமம் என்று பயந்து வந்த எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்து அனுப்பியதை நான் பார்த்திருந்தேன். அவர்களுக்கெல்லாம் 'பங்கம்' தேடிக் கொடுப்பான். பங்கம் என்றால் யோகம் முறிவது. சந்திரனோடு சேர்ந்து ஒரு கிரகம் நின்றாலும், சந்திரனுக்கு நாலு, ஏழு, பத்தாம் வீடுகளில், அதாவது கேந்திரத்தில், ஒன்று நின்றாலும் முறியும். லக்கினத்துக்குக் கேந்திரத்தில் நின்றாலும் முறியும் என்பான். ஊருக்கெல்லாம் ஒரு தராசு, தனக்கு மட்டும் இன்னொன்றா?

எனவே ஒரு நாள் நானே சுண்ணக்கட்டியை எடுத்தேன். அவன் போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடமான கட்டம்தான். "கரையாம்புத்தூர் வாடிக்கைக்காரர் மகனுக்கு. பெண் பார்க்கிறார்கள். சொல்," என்றேன். மேஷத்தில் சந்திரன், மீனத்தில் சூரியன், ரிஷபத்தில் ராகு, விருச்சிகத்தில் கேது. சிம்மத்தில் செவ்வாயும் சனியும். கும்பத்தில் புதனும் வெள்ளியும். கடைசியாகக் கீழ் வரிசையில், துலாத்தில் வியாழன்.

அவன் கட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பக் கட்டத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் சொல்லும் அதே குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

"ரெண்டும் பன்னெண்டும் காலி. கேமத்துருமம். ஆனா சந்திரனுக்கு ஏழுல குரு. கேந்திரம். ஏழாம் பார்வ முழுப் பார்வ. நேருக்கு நேரா நின்னு பாக்கறாரு. பங்கம். இந்தப் புள்ளைக்குத் தாராளமா கண்ணாலம் பண்ணலாம்."

சொல்லி முடித்ததும் கையால் கட்டத்தை அழித்தான். "ரெண்டாவது கட்டம் போடறப்பவே தெரிஞ்சிட்டுது பாய், இது என்னுதுன்னு."

"பிறகு ஏன்டா சொன்னாய்?"

"கேட்டது நீங்க. கேட்டவங்களுக்கு உள்ளது சொல்லணும். எனக்கு நானே கேட்டுக்கக் கூடாது. ஆச உள்ளவன் கையில கட்டம் வளஞ்சுக் குடுக்கும். அதான் எங்க அப்பா சொல்லிட்டுப் போன கட்டுப்பாடு. தன் ஜாதகத்துக்குத் தானே பங்கம் சொல்லக் கூடாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷம் அந்த வியாழன் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், ஆசைப்படுகிறவன் தான்தான் என்பதால் அதை எண்ணாமல் விட்டிருந்தான். இப்படி ஒரு நேர்மையை நான் என் வியாபாரத்தில் கண்டதில்லை.

அந்த வருஷப் பங்குனிக் கடைசியில் மூன்றாம் பிறை அன்று, பொழுது இறங்கியதும் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். மேற்கே பிறை. பிறை பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. மாதம் பிறப்பதே அதைக் கண்டுதான். ஆனால் அதன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று என் ஆயுளில் நான் பார்த்தது கிடையாது. பார்த்தேன். ஒருவருமில்லை. ஏரி நீரில்கூட அது தனியாகவே கிடந்தது.

"இன்னிக்கு மேஷத்துல கீது. நான் பொறந்தப்ப இருந்த அதே வூடு," என்றான். "இப்ப இருங்க."

இருட்டு கூடக் கூட நின்றோம். "திரும்புங்க பாய்," என்றான். கிழக்கே, பனைகளுக்கு மேல், பெரிதாக, அசையாமல் ஒரு வெளிச்சம் எழுந்திருந்தது. வியாழன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வானத்தைச் சுற்றிவிட்டு, அவன் பிறந்தபோது நின்ற துலாத்துக்கே திரும்பி வந்திருந்தது. மேற்கில் பிறை, கிழக்கில் அது, நடுவில் நாங்கள் இருவர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை எங்கள் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். படைத்தவன் எவ்வளவு பெரியவன்!

மறுநாள் பாகூருக்கு ஆள் போயிற்று. பெண்ணைப் பெற்றவரிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. கேமத்துருமத்தையும் சொன்னான், பங்கத்தையும் சொன்னான். உள்ளேயிருந்து செங்கேணி குரல் கொடுத்தாளாம்: "பக்கத்துல ஆள் இல்லன்னா இன்னா இப்ப? எதிர்ல ஒக்காந்துக்கறேன்."

தனிமை வரவே இல்லையா என்றால், வந்தது. முதல் பிள்ளை காய்ச்சலில் போயிற்று. அடக்கம் பண்ணிவிட்டு வந்தவன் யாரோடும் பேசாமல் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தான். நான் போனேன், உறவுக்காரர்கள் போனார்கள். "எல்லாரும் போயிடுங்க. எங்கிட்ட வராதீங்க," என்று கத்தினான். பயந்துபோன எல்லோரும் விலகினோம். செங்கேணி பக்கத்தில் போகவில்லை. குளத்தைச் சுற்றி நடந்து எதிர்க்கரையில், அவனுக்கு நேரே, வெயிலில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அது பிள்ளைதான். அழாமல், கூப்பிடாமல், கண்ணை எடுக்காமல் இருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவன் எழுந்து தண்ணீரைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றவைத்த அதே சிலிர்ப்பு வந்தது.

பிறகு ஒரு நாள் சொன்னான்: "பங்கம்னா தனிம வராதுன்னு அர்த்தம் இல்ல பாய். வர்றப்ப ஒருத்தர் பாத்துக்கினு இருக்காங்கன்னு அர்த்தம்." அதற்கு அப்புறம் அவனிடம் வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி அனுப்பினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் கொள்ளாத கூட்டம். பலன் கேட்டவர்கள், கடன்பட்ட உறவுக்காரர்கள், கரும்பு வெட்டியவர்கள், எங்கள் தெரு ஆட்கள். பெண்கள் அவன் தலைமாட்டில் சூழ்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். செங்கேணியைத் தேடினேன். கால்மாட்டில், அவன் முகம் நேரே தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்கள். "நான் இங்கதான் ஒக்காருவேன். அவருக்குத் தெரியும்," என்றாள்.

அவனைக் கொண்டுபோன பிறகு நான் ஏரிக்கரை வழியாகவே திரும்பினேன். இந்தப் பங்குனியிலும் வியாழன் துலாத்துக்கு வந்திருக்கிறது என்று போன மாதம்தான் அவன் சொல்லியிருந்தான். மேற்கே பிறை இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவன் என்னை இங்கே இழுத்து வருவதற்கு முன் எத்தனை வருஷமோ அதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ஆள் நான்.

திரும்பிக் கிழக்கே பார்த்தேன். பனைகளுக்கு மேல் வியாழன் நின்றது. தணிகாசலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் திரும்புதல்தான்.