அண்ணாச்சியின் ஷூவுக்குக் கீழே

வண்ணார்பேட்டையில் எங்கள் செருப்புக்கடைக்கு அடுத்த வாசல் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அந்த வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அழைத்துப் போகிறவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், முகம் பார்க்கலாம்போல ஒரு கறுப்பு ஷூ. மீசையில் நரை இருக்கிறது, ஷூவில் ஒரு தூசி இருக்காது.

கும்பிடுவது ஒரு வேலையா என்று நான் முதலில் நினைத்தேன். வள்ளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கினால், "மூத்தவளுக்கு மாம்பழக் கலர் எடுத்தீயளே, இப்ப சின்னவளுக்கா?" என்று கேட்பார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்கப்புறம் அவர்கள் வேறு கடை ஏற மாட்டார்கள். அழுகிற பிள்ளை வந்தால் ஒரு காலை மடக்கி மண்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்கிப் பேசுவார். தான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்கு இந்த வாசல்தான் என்று கோமு மதினி சொல்வாள். கோமு மதினி அவர் மனைவி.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. கடைத் தரை கிரானைட். ஜனங்கள் சேறும் தண்ணீருமாக ஏறி வர, கடைப் பெண்கள் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். துடைத்த ஈரத்தில்தான் இன்னும் வழுக்கும். தோல் அடி வைத்த பழைய ஷூவோடு அண்ணாச்சி ஒருநாள் சர்ரென்று போய்ப் பட்டுப்புடவை மேசையில் இடித்துக்கொண்டார். மறுநாள் எங்கள் கடைக்கு வந்தார்.

"ஏட்டி சுகிர்தா, வழுக்காத ஷூ இருக்கா? ஆனா போலீஸ்காரன் பூட்ஸு மாதிரி தடியா இருக்கப்புடாது."

"சறுக்கு மரம் வேணுமா, ஷூ வேணுமா அண்ணாச்சி? ரெண்டும் ஒரே விலைதான்."

எங்கள் முதலாளி காஜா முகைதீன் என்னை முறைத்தார். நான் உள்ளே போய் ஒரு ஜோடி எடுத்து வந்தேன். மேலே மழமழவென்று தோல், கயிறு கட்டும் கூர்முனை. பக்கத்திலிருந்து பார்த்தால் மெல்லிய தோல் அடி மாதிரிதான் தெரியும். திருப்பினால் ரப்பர். நகத்தை வைத்து அழுத்தினால் அமுங்கும். சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கோடுகள், ஓரம் வரைக்கும் திறந்திருக்கும். மிதிக்கும்போது காலுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள தண்ணீர் அந்தக் கோடு வழியாக வெளியே ஓடிவிடும், ரப்பர் நேரே தரையைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லித்தான் விற்றேன். பின்கட்டில் தண்ணீரைக் கொட்டி நடக்கவும் வைத்தேன்.

"நல்லாத்தான் பிடிக்கு," என்றார் அண்ணாச்சி.

கொஞ்ச நாள் பிடித்தது. அப்புறம் கார்த்திகை பிறந்ததும் பெருமழையில் மறுபடியும் விழுந்தார். இந்த முறை பெண் வீட்டார் முன்னால், மல்லாக்க. ஜவுளிக்கடை முதலாளி சிவகணேஷ் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, பைய சொன்னாராம்: "அண்ணாச்சி, இந்த முகூர்த்தம் முடியட்டும். மேலப்பாளையம் குடோன்ல உக்காந்து பாக்கிற வேலை ஒண்ணு இருக்கு."

குடோனில் மூட்டைகள்தான் இருக்கும். மூட்டையை யார் கும்பிட்டு வரவேற்பது?

அண்ணாச்சி எங்கள் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து முட்டியைத் தடவினார். "ஷூவுல ஒண்ணும் இல்லட்டி. காலு போச்சு. வயசாகுதுல்லா."

எனக்கு அந்த இடத்தில் ஒரு கேலி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அதைச் சரிக்கட்ட நினைத்தேன். ரெண்டு கடை ஆட்களும் மாடியில்தான் சாப்பிடுவோம், காலில் கிடப்பதைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு. எங்கள் கடையில் 'பாதி விலை' ஸ்டிக்கர் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அவர் ஷூ அடியில் ஒன்றை ஒட்டிவிட்டால், பிள்ளைகள் முன் மண்டி போடும்போது பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் ஒருவேளை சிரிப்பார் என்று கணக்கு.

ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அழுத்தினேன், வழுக்கி விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. விரலைப் பார்த்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று. மோந்து பார்த்தேன், ஷூ பாலிஷ். அந்தச் சீப்புக் கோடெல்லாம் மெழுகு அடைந்து, அடிப்பாகம் மேல்பாகத்துக்குப் போட்டியாகப் பளபளத்தது.

ஒற்றை ஷூவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அவர் புளிச்சோற்றில் கை வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு அடியில யாரு பாலிஷ் போடுதா?"

"கோமுதான். தெனமும் விடியக்காலம் அவதான் தேய்ப்பா. ஏன்?"

"அடியிலயுமா?"

"நான் மண்டி போடயில பின்னால உள்ளவங்களுக்கு அடி தெரியுதுல்லா. எம்புருசன் காலு அழுக்கா இருக்குன்னு ஒருத்தரும் சொல்லிறப்புடாதும்பா. பழைய ஷூவுக்கும் அப்படித்தான்."

"அதான் வழுக்குது. மெழுகு கோட்டை அடைச்சா தண்ணி போக வழியில்ல. ரப்பர் தரையத் தொடவே இல்ல அண்ணாச்சி. ஒங்க காலுக்கு ஒண்ணுமில்ல."

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிறாதட்டி," என்றார். "நான் விழுந்த அன்னைக்கு ராவு பூரா அழுதா. தன்னாலதான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

அதற்கப்புறம் தினமும் கடை திறக்குமுன் எங்கள் பின்கட்டுக் குழாயடியில் ஒரு நாடகம் நடந்தது. அண்ணாச்சி பேண்டை மடித்துக் குந்தியிருப்பார். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். நான் கோடு கோடாகத் தேய்ப்பேன், கடைசியில் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு. மேல் தோலில் ஒரு சொட்டுப் படாமல் அவர் காவல். மதினி விடியக்காலம் பூசுவாள், நாங்கள் இங்கே கழுவுவோம்.

"ஒங்க வீட்ல பாலிஷ் டப்பா செலவு நிறைய ஆகும்போல," என்பேன்.

"பேசாம தேய்டி."

அந்த மாத முகூர்த்தக் கூட்டத்தன்று மழை சாய்த்து அடித்தது. வாசலில் போட்ட சாக்கு மிதந்துவிட்டது. நான் எங்கள் கதவோரம் நின்று அண்ணாச்சியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறைமாதப் பெண் இடுப்பில் பிள்ளையோடு படியேறினாள். உள்ளே ஈரத்தில் முதல் அடி வைத்தவுடன் அவள் செருப்பு வழுக்கியது. அண்ணாச்சி எட்டு வைத்துப் போய் ஒரு கையால் அவள் முழங்கையையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்தார். மூன்று பேர் பாரமும் அவர் காலில். கிரானைட்டில் ரப்பர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். மனுஷர் நட்ட கல் மாதிரி நின்றார்.

"பைய வாம்மா," என்றார்.

சிவகணேஷ் கல்லாவிலிருந்து எழுந்து வந்து முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியின் காலைப் பார்த்தார். "நாளைக்கும் கூட்டம் வரும் அண்ணாச்சி, வாசலை நீங்களே பாத்துக்கிடுங்க," என்றார். குடோனுக்கு அப்புறம் வேறு ஆள் போனான்.

தை பிறந்து ஒரு காலையில் வழக்கம்போல ஷூவைத் திருப்பினேன். மெழுகு இல்லை. மேல் தோலும் ஓரமும் பளபளவென்று இருந்தன. அடி மட்டும் சோப்பு வாசனையோடு வறண்டு கிடந்தது. கோட்டுக்குள் இருந்த பொடிக்கல்லைக்கூட ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாகியிருந்தது.

"அண்ணாச்சி, மதினிக்குச் சொல்லிட்டீயளா?"

"நான் எங்க சொன்னேன்?" அவர் ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் அடியைத் தடவிப் பார்த்தார். "அவளும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலட்டி."

நான் பிரஷ்ஷை உதறி வைத்தேன். அவர் அதை எடுத்து, தேய்க்க ஒன்றுமே இல்லாத அடிப்பாகத்தைச் சும்மா ஒருதடவை தேய்த்துவிட்டு, காலில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.