அவரோட வாடகை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவர்கள் நால்வரில் இவள் மூன்றாவது. மூத்தவளைக் கட்டிய மாப்பிள்ளையின் பெரியப்பா மகனையே இவளுக்கும் பார்த்தார்கள். அந்த வகையில் அக்காளுக்கே ஓரகத்தி ஆனாள். பிள்ளைகுட்டி இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதர் ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அவள் அழவில்லை. கை பாட்டுக்கு மடித்தது, வாய் பாட்டுக்குத் தின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் அழுதுவிட்டுப் போனார்கள்.

வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கட்டட அலுவலகத்தில் கேட்டிருந்தாள். வாடகை பாக்கியோ தாமதமோ பதிவில் இல்லாவிட்டால் மாற்றித் தருவோம், இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்த மாத வாடகை கெடு தேதிக்குள் வரவில்லை, தாமதக் கட்டணம் சேர்க்கப்பட்டுள்ளது.

பேருந்து ஓட்டும் கொழுந்தன் வந்தபோது போனை அவன் முன்னால் தள்ளிவைத்தாள்.

"என்ன அண்ணி இது, பணம் கட்டலையா?"

"ஒண்ணாந்தேதியே கட்டிட்டேன். என் கணக்குலேர்ந்து. அவர் கணக்கைத்தான் பேங்க்ல நிறுத்தி வெச்சிட்டாங்களே."

"அத்தாட்சி?"

அனுப்பிய அன்று எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாள்.

"இதுல 'அனுப்பப்படுகிறது'ன்னு இருக்கு. இத வெச்சுக்கிட்டு நாம போனா, என் பஸ் மாதிரி பாதி வழியில நிக்குது போலன்னுவாங்க. போய்ச் சேந்ததுக்கு ரசீது வேணும்."

சொன்ன பிறகுதான், அண்ணனும் பாதி வழியில் நின்றுபோனவர்தானே என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எங்க எடுக்கணும், சொல்லு" என்றாள்.

வங்கிச் செயலியில் துழாவி, பணம் சேர்ந்துவிட்டதைக் காட்டும் ரசீதை எடுத்தார்கள். அந்த வரி உள்ள கணக்கு அறிக்கைப் பக்கத்தையும் எடுத்து, மற்ற செலவுகளை மறைத்தார்கள். கொழுந்தன் நாலு பக்கம் எழுதத் தயாராக இருந்தான், அண்ணன் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதிலிருந்து.

"அதெல்லாம் எதுக்கு? கட்டினத மட்டும் எழுது."

கடைசியில் இவ்வளவுதான் போயிற்று: "இந்த மாத வாடகை முழுவதும் ஒன்றாம் தேதி உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்துள்ளது. பரிமாற்ற எண் உள்ள ரசீதையும் கணக்கு அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். தாமதம் என்ற பதிவைத் திருத்தி, கட்டணத்தை நீக்கி, எழுத்தில் உறுதி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற பெண் இரண்டு நாள் கழித்து நேரில் கூப்பிட்டாள். மின்விசிறி காகிதங்களைப் பறக்கவிடாமலிருக்க மேசை நிறையச் சாவிக்கொத்துகளை வைத்திருந்தாள்.

"பணம் வந்திருக்கும்மா. ஆனா யாரோடதுன்னு தெரியாத வரவுல கிடந்துச்சு. ஒப்பந்தத்துல இருக்கிற பேர் வேற, பணம் அனுப்பின பேர் வேற. குறிப்புல வீட்டு நம்பராவது இருந்தா புடிச்சிருப்போம்." திரையைத் திருப்பிக் காட்டினாள். "நீங்க போட்டிருக்கிறது 'அவரோட வாடகை'. எந்த அவர்ம்மா? இந்தக் கட்டடத்துல கதவுக்குக் கதவு ஒரு அவர் இருக்கார்."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மடிப்பக்காவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவர் என்றால் அவர்தான்.

"பணம் வந்த தேதியிலேயே உங்க வீட்டுக்கு வரவு வெச்சிட்டேன். தாமதத்த எடுத்தாச்சு, கட்டணமும் இல்ல. எங்க பக்கத்துலயும் தேடிப் பாக்காம மெயில் அனுப்பிட்டோம், தப்புதான்."

அச்சடித்த திருத்தக் கடிதத்தை நீட்டினாள். கீழே அவர் பெயர், வீட்டு எண், அதற்கு நேரே: தாமதம் இல்லை, நிலுவை இல்லை. இவ்வளவு காலமும் ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டியவர், அப்படியே இருந்துவிட்டார்.

"அப்போ மாத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் புது ஒப்பந்தத்தை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் இருக்கட்டுமே இதுல" என்றாள் மடிப்பக்கா.

"முடியாதும்மா. உங்க பேர் ஏறணும்னா அவர் கணக்க முடிச்சாகணும். அதுக்குத்தானே இந்தத் திருத்தமே."

கொழுந்தன் சுவரைப் பார்த்தான்.

"எங்க போடணும்?" என்றாள் மடிப்பக்கா.

பெண் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீடு நிலைத்தது. மறுநாள் தனக்குக் காலை ஷிப்ட் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு, இரண்டு தாள்களையும் விரிப்பைப் போல ஓரம் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.