மின்விசிறித் தகட்டில் ஒரு பெருவிரல்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிழை பிடிப்பதில் அப்படியொரு சந்தோஷம். மன்னாரில் ஒரு உதவி நிறுவனத்தின் கந்தோரில் இருந்தபோது அந்தக் குணத்துக்குச் சம்பளமும் தந்தார்கள்.

கரையோரத்தின் பதினொரு முன்பள்ளிகளுக்கு மின்விசிறியும் சில சிகிச்சை நிலையங்களுக்கு ஏசியும் கொடுத்தோம். எல்லாம் மின்சாரம் குறைவாக இழுக்கும் ஐந்து நட்சத்திர ரகம். அவற்றை ஒரு கடை கொண்டுபோய் மாட்டிப் பூட்டும். பூட்டியபின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் இரண்டு படங்கள் எனக்கு வரவேண்டும். ஒன்று நட்சத்திர லேபல், மற்றது கம்பனி பொருளிலேயே பதித்த விபரத் தகடு. இரண்டிலும் மாதிரி இலக்கம் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தால்தான் நான் ‘சரி’ போடுவேன். கீரி என்ற ஊரில் ஏசியின் உள்பெட்டித் தகட்டுக்குப் பதிலாக வெளிப்பெட்டித் தகட்டைப் படம் எடுத்து அனுப்பியதைக்கூடப் பிடித்துத் திருப்பினேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன் என்ற பெருமை எனக்கு.

பத்து முன்பள்ளிகளின் மின்விசிறிப் படங்கள் அச்சொட்டாகப் பொருந்தின. இலுப்பைக்கடவைப் பக்கத்திலிருந்து வந்தது மட்டும் பொருந்தவில்லை. லேபலில் ஒரு இலக்கம், தகட்டில் வேறொன்று. வாட்ஸ் அளவும் லேபலில் உள்ளதைவிட அதிகம். முன்பள்ளிக்காரர் நல்ல ஃபேனை விற்றுவிட்டு மலிவானதை மாட்டி, லேபலை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர். எங்கள் ஆட்களின் கீரியாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவாக முடிவு கட்டியிருப்பேனா என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை. அந்த முன்பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, “ஃபேன் மாறியிருக்குது, விசாரியுங்கோ” என்றேன்.

அவர்கள் விசாரிக்கவில்லை. பிரச்சினை தீரும்வரை வரவேண்டாம் என்று, படம் அனுப்பிய ஆசிரியையை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியை பஸ் ஏறி என் கந்தோருக்கே வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“நான் களவெடுக்கல மிஸ். பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம் ஏணி இரவல் வாங்கி, நானே ஏறி மோட்டருக்கு மேல இருக்கிற தகட்டை எடுத்தேன். நீங்கதானே அப்பிடிக் கேட்டீங்க?”

“மற்ற எல்லாருக்கும் சரியா வந்திருக்குது. உங்களுக்கு மட்டும் எப்பிடி மாறும்?”

“அவங்க படத்தைக் காட்டுங்க மிஸ், பாப்போம்.”

வாயடைக்க வைக்கலாம் என்றுதான் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் ஒவ்வொன்றாக மெல்லப் பார்த்தார். நான் எப்போதும் பார்ப்பது தகட்டின் மேல்வரியை மட்டும். அவருடைய விரல் கீழ்வரியில் நின்றது.

“இந்தத் தொடர் இலக்கம் எல்லா ஃபேனுக்கும் ஒண்ணாவா இருக்கும்?”

இருக்காது. ஒவ்வொரு மின்விசிறிக்கும் ஒவ்வொரு தொடர் இலக்கம். ஆனால் பத்துப் படங்களிலும் ஒரே இலக்கம். தகட்டின் ஓரத்தில் நகம் கறுத்த ஒரு பெருவிரல், அதுவும் பத்திலும் ஒன்றே. என் படிவத்தில் மாதிரிக்கும் நட்சத்திரத்துக்கும் மட்டும்தான் கட்டம் இருந்தது. கட்டத்துக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பத்தில் ஒரு முன்பள்ளிக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். “ஓம் மிஸ், கடைக்காரர்தான் எங்களுக்கு வாட்ஸ்அப்பில போட்டவர். அதைத்தானே உங்களுக்கு அனுப்பினனாங்கள். ஏணிக்கு நாங்கள் எங்க போறது?” என்று அங்கிருந்த ஆசிரியை வெகு இயல்பாகச் சொன்னார். கடை ஒரேயொரு நல்ல மின்விசிறியைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறது. பூட்டியது மலிவான சாமான், மேலே ஒட்டியது ஐந்து நட்சத்திரம். பதினொரு பேரில் உண்மையான தகட்டை அனுப்பியவர் இவர் ஒருவர்தான். நான் குற்றவாளியாக்கியதும் இவரைத்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் முன்னாலேயே தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, “பிழை என்னில. ரீச்சரில ஒரு பிழையும் இல்லை. நாளைக்கே கூப்பிடுங்கோ” என்றேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. “பிள்ளைங்களோட அம்மாமார் என்னைப் பாத்த பார்வை இருக்கே மிஸ்” என்று தொடங்கியவர், முடிக்காமலே கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொரு இடத்திலும் மின்விசிறிகளைக் கழற்ற வைத்தோம். வேறொரு கடை புதிதாகப் பூட்டியது. முதல் படங்கள் இலுப்பைக்கடவையிலிருந்துதான் வந்தன. லேபல் சரி, மாதிரி சரி, தொடர் இலக்கம் தெளிவு. கூடவே நான் கேட்காத மூன்றாவது படம் ஒன்றும் வந்தது. தகட்டின் பக்கத்தில் விரித்துப் பிடித்த ஒரு கை, விரல்களில் சுண்ணக்கட்டித் தூள்.

கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “இது என் கைதான் மிஸ்.”