அரை அடி குறைந்த வளைவு

கொத்தனாரின் மச்சான், மனைவியின் அண்ணன், ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. பேருந்து வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கொத்தனாரோ அதற்குள் மூன்று முறை எழுந்து சாலையை எட்டிப் பார்த்துவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்பதால் ஊரில் அவருக்குப் பம்பரம் என்று பெயர்.

"மாப்பிள்ளை, நான்தானே போறேன்? நீங்க ஏன் தவிக்கிறீங்க?" என்று சிரித்தார் மச்சான். தச்சர் அவர். கொத்தனார் கட்டிக்கொண்டிருந்த சைக்கிள் பட்டறையின் முன்பக்கம் தலா ஆறடி அகலத்தில் மூன்று வாசல்கள். மூன்றுக்கும் செங்கல் வளைவு. வளைவு கட்டும்வரை செங்கலைத் தாங்கும் மரச்சட்டத்தை, சென்ட்ரிங்கை, அவர்தான் முந்தைய நாள் அவசரமாக அறுத்துக் கொடுத்தார். ஒன்றே ஒன்று. மற்ற இரண்டுக்கும் நேரமில்லை.

பேருந்தில் ஏறியவர் ஜன்னல் வழியே கத்தினார்: "ஒண்ணை வச்சு ஓட்டிடாதீங்க!"

பம்பரத்தின் காதில் அது விழுந்தது. ஆனால் தங்கவில்லை.

முதல் வளைவைக் கட்டி மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை. கை அரித்தது. சென்ட்ரிங்கின் கால்களுக்கு அடியில் இருந்த ஆப்புகளைத் தட்டித் தளர்த்தினார். வளைவு நின்றது. சட்டத்தை இழுத்து அடுத்த வாசலில் நிறுத்தினார்.

அவர் மனைவி கலவைச் சட்டியோடு அப்படியே நின்றாள். கலவை குழைப்பதும் செங்கல் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. "இன்னும் ஒரு தடவை அவசரப்பட்டீங்கன்னா, உங்க கூட வேலைக்கு வரமாட்டேன்" என்று போன மாதமே சொல்லியிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பக்கம் சுவர் தடியா இருக்கு, சரி. இந்தப் பக்கம் தூண்தானே? அதை யாரு பிடிச்சுக்குவா?"

"அடுத்த வளைவு பிடிச்சுக்கும்."

"அது எங்க இருக்கு? உங்க மனசுக்குள்ளயா?"

சொல்லி வாயை மூடவில்லை, வளைவின் உச்சியில் இரண்டு செங்கல்களுக்கு நடுவே மயிரிழை போல ஒரு பிளவு. பம்பரம் தூக்குக்குண்டைத் தூணில் பிடித்தார். மேலே ஒரு விரல் அகலம் வெளியே சாய்ந்திருந்தது. வளைவு எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரண்டு பக்கமும் உதைக்கும். ஒல்லித் தூணுக்கு மறுபக்கத்திலிருந்து எதிர் உதை கிடைத்தால்தான் நிற்கும்.

அவள்தான் ஓடினாள். சாரத்துக்கு வைத்திருந்த கனத்த மரங்களை, வளைவு கால் ஊன்றும் உயரத்தில், சாய்ந்த தூணிலிருந்து அடுத்த தூணுக்கும், அங்கிருந்து கடைசிச் சுவருக்கும் படுக்கையாக நிறுத்தி, இருவரும் ஆப்பு அடித்து இறுக்கினார்கள். பிறகு சென்ட்ரிங்கை மெல்ல நகர்த்தி முதல் வளைவுக்கு அடியிலேயே திரும்ப முட்டுக்கொடுத்தார்கள்.

"நாளையிலேர்ந்து வேற யாரையாவது கூப்பிட்டுக்கங்க" என்று சட்டியைக் கவிழ்த்தாள்.

"நாளைக்குப் பிரிச்சிடறேன். மூணு சட்டமும் நானே செய்யறேன். பார்த்துட்டுச் சொல்லு."

மறுநாள் வளைவையும் சாய்ந்த தூணின் மேல்பாதியையும் அவரே பிரித்தார். புதுச் சட்டங்களுக்கு அளவு எடுக்க, மச்சானின் சட்டத்தைத் தரையில் கிடத்தி டேப் வைத்தார். நடு உயரம் ஒன்றரை அடி இருக்க வேண்டும். ஒரு அடிதான் இருந்தது.

மறுபடி அளந்தார். அதே ஒரு அடி. பலகை போதாமல் குறைத்து அறுத்திருக்கிறார் மச்சான். வளைவு தட்டையாகத் தட்டையாக உதை கூடும். தன் அவசரம் பாதி என்றால், இது மீதிப் பாதி.

"என்னங்க, அளவு சரியா இருக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள், சோறு கொண்டுவந்த மனைவி.

டேப்பைச் சுருட்டினார். "இருக்கு, இருக்கு. நீ சோத்தை வச்சுட்டுப் போ."

ஒன்றரை அடி உயரத்தில் மூன்று சட்டங்கள் அறுத்தார். பழையதை அடுப்புக்கு உடைத்துப் போட்டார். வேறு ஒரு ஆளை வைத்து மூன்று வளைவுகளையும் ஒருசேரக் கட்டி, இரண்டு வாரம் காத்திருந்தார். தினமும் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஆனால் ஆப்பைத் தொடவில்லை. கடைசியில் மூன்றையும் மாறி மாறி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினார். தூக்குக்குண்டு அசையவில்லை. மறுநாள் காலை அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஆனாலும் அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், "இவர் அவசரத்தால தூணே சாஞ்சுது" என்றுதான் முடிப்பாள். அவரும் தலையை ஆட்டுவார்.

மூன்று வருஷம் கழித்து, இருவரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் போனில் மச்சானின் குரல் வந்தது:

"தங்கச்சி, இங்க வளைவு வேலை ஒண்ணு. ஆப்பைத் தட்டும்போது அந்தப் பட்டறை ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு பலகை பத்தல. உயரத்தை அரை அடி குறைச்சு அறுத்துட்டேன். சொல்லாமப் பஸ் ஏறிட்டேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

அவள் போனைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள். அவர் செருப்பை ஏற்கெனவே மாட்டியிருந்தார். வாசலில் ஒரு கால், தெருவில் ஒரு கால்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேரமாச்சு, கிளம்பு" என்றார்.