ஒரே பில்லில் மூன்று நம்பர்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் அக்காவின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். எதிரே லாரி வந்தாலும் அக்கா பேசுகிற பேச்சை நிறுத்த மாட்டார், கால் மட்டும் இறங்கும். கார் நின்றதும், "இப்ப என்ன தப்பு பண்ணீங்க, சொல்லுங்க" என்பார். திட்டமாட்டார். திட்டினால் கூடத் தேவலை என்று பலர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். நான் அங்கே முன்பதிவு பார்க்கிறவள், புலம்பல் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

ரோட்டில் அத்தனை பேரை அடக்குகிற மனுஷிக்கு வீட்டில் மூன்று ஆம்பளைகளை அடக்கத் தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் பொறுப்பாளர். கொழுந்தனோ கல்யாணம், திறப்பு விழா என்று வீடியோ எடுக்கிறவன், எடுத்ததையெல்லாம் வீட்டிலிருந்தே நெட்டில் ஏற்றி அனுப்புவான். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் கருவிழி மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. மாற்றுக் கருவிழிக்காக ஆஸ்பத்திரியில் பதிந்துவைத்துக் காத்திருக்கிறார். தானமாக ஒரு கண் வந்தால் அன்றைக்கே போன் பண்ணுவார்கள். எடுத்தால் உடனே கிளம்ப வேண்டும். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பதியும்போது இன்னொரு நம்பரும் கேட்டிருக்கிறார்கள். பெரியவர் கொடுக்கவில்லை. "என் கண்ணுக்கு என் நம்பர் போதும்" என்றாராம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்களாம், ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட்டதில்லையாம். அந்தப் பெருமை அவருக்கு.

முதலில் மூவருமே ப்ரீபெய்டு. கொழுந்தனுக்கு அன்றாடம் கிடைக்கிற டேட்டா மதியத்துக்குள் காலியாகும், பிறகு கூடுதல் பேக் மேல் பேக்காகப் போட்டுக்கொண்டே இருப்பான். வீட்டுக்கு பிராட்பேண்ட் போடலாமே என்று நான் கேட்டேன். அவர்கள் கட்டிடத்தில் கேபிளை மாடிக்கு இழுக்க உரிமையாளர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறாராம். பெரியவர் கதை வேறு மாதிரி. அவருக்கு மிகச் சின்ன பேக். வேலிடிட்டி முடியப்போகிறது என்கிற செய்தி அவர் போனுக்குத்தான் வரும். அவருக்கோ படிக்க முடியாது. அண்ணன் போட்டிருப்பான் என்று தம்பியும், தம்பி போட்டிருப்பான் என்று அண்ணனும் இருப்பார்கள். இரண்டு முறை நம்பர் முடங்கி, அக்காதான் ஓடிப்போய் ரீசார்ஜ் பண்ணினார்.

இனி இது சரிப்படாது என்று அக்கா ஒருநாள் வீட்டுக்காரரை சிம் கடைக்கு இழுத்துப்போனார். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஃபேமிலி போஸ்ட்பெய்டு எடுத்தா ஒரு மெயின் நம்பர், அதோட கூட ரெண்டு நம்பர் சேத்துக்கலாம். டேட்டா மூணு பேருக்கும் பொது. அது தீந்துட்டா கூடுதலா ஓடுறதுக்குத் தனியா சார்ஜ் ஏறும். பில்லு ஒண்ணுதான், மெயின் நம்பர் பேர்ல வரும். யாரு எவ்வளவு ஓட்டலாம்னு ஆப்புல லிமிட் வெச்சுக்கலாம் சார். அதை நீங்கதான் வைக்கணும்."

"பெரியவருக்கு?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"அவரு டேட்டாவே தொடமாட்டாருன்னா இதுல எதுக்கும்மா? ரொம்ப நாள் வேலிடிட்டி உள்ள ப்ரீபெய்டா ஒண்ணு போட்டுத் தனியா விட்டுருங்க. ஒரு தடவை போட்டா மறந்துடலாம்."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆனால் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அப்பாவை மட்டும் தனியா ஒதுக்கி வைக்கறதா? மூணு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்." லிமிட் பற்றிக் கேட்டதற்கு, "கூடப் பொறந்தவனுக்கு அளந்து ஊத்துவேனா?" என்றார். கவுன்டர் பெண் அக்காவைப் பார்த்தாளாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வைத்துப் புருஷனை மறுத்துப் பேசினால் அந்த வாரம் முழுக்க வீடு வீடாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

கூடப் பிறந்தவன் அளவில்லாமல் ஓட்டினான். அது கல்யாண சீசன் வேறு. போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்து, மூட்டை மூட்டையாக வீடியோ ஏற்றினான். பொது டேட்டா பாதி மாதத்திலேயே தீர்ந்தது. எச்சரிக்கைச் செய்திகள் மெயின் நம்பருக்குத்தான் வந்தன. வீட்டுக்காரர் அவற்றை விளம்பரம் என்று தள்ளிவிட்டார். பில் வந்ததும்தான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்.

"அவன் ஓட்டினதை அவன் கட்டட்டும்."

"பேசி முடிச்சது நீ. பில்லு உன் பேர்ல. நான் கேட்டேனா என்னைச் சேத்துக்கோன்னு?" என்றான் தம்பி.

அளந்து ஊற்றமாட்டேன் என்று சொன்ன அதே வாய், இப்போது யார் எத்தனை ஜிபி என்று சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டியது. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பில் அப்படியே கிடந்தது. கெடு தாண்டியதும் மூன்று நம்பரிலும் வெளியே போகிற அழைப்பு நின்றது.

இதில் அண்ணனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கிடங்கு கொடுத்த போன் கையில் இருந்தது. தம்பி அன்று மாலையே வேறு ப்ரீபெய்டு சிம் வாங்கிப் போட்டுக்கொண்டான். அக்காவின் நம்பர் எங்கள் ஸ்கூல் கொடுத்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிச்சம் இருந்தது பெரியவர். "நான் யாரைக் கூப்பிடப் போறேன்? உள்ள வர்ற கால் வருதுல்ல, அது போதும்" என்று அவரே சமாதானம் சொன்னார். அக்காவும் இருவரிடமும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். அண்ணனிடம் கேட்டால் தம்பியைக் கேள், தம்பியிடம் கேட்டால் அண்ணனைக் கேள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டா உள்ள வர்றதும் நின்னுரும்னு கடைப் பொண்ணு சொல்றா" என்று சொன்னதற்கு, "அதெல்லாம் மிரட்டுவாங்க" என்றாராம் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு மட்டும் அவர் எங்கள் ஸ்கூலுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, கண் மருந்து போட்டுக்கொண்டாரா என்று கேட்க மாமனாருக்கு போன் பண்ணினார். இந்த எண்ணின் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு குரல் சொன்னது. அக்கா காரை ஓரம் கட்டச் சொல்லி, பாதிப் பாடத்தில் இறங்கிவிட்டார். எத்தனையோ வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சிம் கடைக்கு நடந்தார்.

"என் மாமனார் நம்பருக்கு மட்டும் கட்டிடறேன்" என்றார்.

"தனித்தனியா கட்ட முடியாதும்மா. அக்கவுண்ட் ஒண்ணு. முழுசா கட்டினாத்தான் மூணும் வரும்."

"அப்ப அவரை மட்டும் ப்ரீபெய்டுக்கு மாத்திக் குடுங்க."

"பாக்கி இருக்கறப்போ மாத்த முடியாது. கட்டிட்டா அப்புறம் மாத்தலாம்."

"நான் அன்னிக்கே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அக்கா கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். முழுத் தொகையையும் தன் கணக்கிலிருந்து கட்டினார். சேவை திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள் அவள். வெளியே வந்து, அக்கா தன் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். மாமனார் பெயரைச் சொன்னார். கேட்டார். "சரிங்க" என்றார். பிறகு தன் நம்பரைச் சொல்லி, இரண்டாவதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். போனை வைத்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்தார்.

"நேத்து காலைல கூப்பிட்டிருக்காங்க. மூணு தடவை. கிடைக்கலன்னு அடுத்தவருக்குக் குடுத்துட்டாங்க."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அக்கா அழவில்லை. "எல்லாரையும் நிறுத்தத் தெரிஞ்ச எனக்கு அந்தக் கடையில ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல பாரு" என்றார். அவரை வீட்டில் விடுவதற்கு நானும் போனேன். விட்டுவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை.

மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். அண்ணன் ஒரு மூலையில், தம்பி கம்ப்யூட்டர் முன்னால், பெரியவர் நடுவில், போனை மடியில் வைத்துக்கொண்டு. அக்கா செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பில் கட்டியாகிவிட்டது, போன் இனி வேலை செய்யும், நேற்று ஒரு கண் வந்தது, அது வேறொருவருக்குப் போய்விட்டது.

"நான் கட்டிடறேன் அண்ணி, முழுசா நானே தர்றேன்" என்று தம்பி எழுந்தான். "நான் கட்டறேன்டா, நீ உக்காரு" என்றார் அண்ணன். அத்தனை நாளில் முதல்முறையாக இருவரும் பேசிக்கொண்டார்கள். அதற்குள்ளேயே யார் கட்டுவது என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் இருவரையும் பார்க்கவில்லை, ஜன்னல் வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

அப்போது அவர் மடியில் போன் அடித்தது. நாலு பேரும் பாய்ந்தோம். பெரியவர் யாரையும் தொடவிடாமல், தானே தடவி எடுத்துக் காதில் வைத்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. நிதானமாக, மரியாதையாக, கடைசிவரை கேட்டார்.

"போன் கம்பெனிதான்" என்றார். "அவங்க சேவை திருப்தியா இருக்கான்னு கேக்குது. இருந்தா ஒண்ணை அழுத்தணுமாம், இல்லேன்னா ரெண்டை அழுத்தணுமாம்." போனைத் தன் முன்னால் நீட்டிப் பிடித்தார். வழவழவென்றிருந்த கண்ணாடியின் மேல் கட்டைவிரல் இங்கும் அங்கும் நகர்ந்தது. "எது எங்க இருக்குன்னு யாராவது காட்டுங்கடா."

இரண்டு மகன்களும் கையை நீட்டவில்லை.