புற்றருகே ஒரு பசு

அய்யாக்கண்ணு போய்விட்டார் என்ற செய்தி, சங்கராபுரம் பஸ்ஸுக்கு நான் நின்றிருந்தபோது போனில் வந்தது. முதலில் எனக்குத் துக்கம் வரவில்லை. அவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசப்போகிறார்களே என்றுதான் தோன்றியது. உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியர். அவர் என் ஆய்வக உதவியாளர். பாம்பு பால் குடிக்காது, ஊற்றிய பால் புற்றுக்குள் புளித்து எறும்பைத்தான் அழைக்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி வெள்ளியில், ஊர்ப் புற்றுக்குப் பால் ஊற்ற வந்த பெண்களிடம் விளக்கினேன். முகம் சுளித்தார்கள். அவரோ, "தூங்கறவங்க வூட்டுக்குள்ள யாராவது பால ஊத்துவாங்களா? வேப்பமரத்தடி நாகர் கல்லுக்கு ஊத்துங்க, போதும்" என்றார். அடுத்த வெள்ளி முதல் புற்று ஈரமாகவில்லை. நான் சொன்னதைக் கேட்காதவர்கள் அவர் சொன்னதைக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அஞ்சலையின் பசு அந்தப் புற்றருகே செத்துக் கிடந்தது. கூலி வேலை செய்யும் அவளுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். கூட்டம் கடப்பாரையோடு வந்தது.

"ஆடி பூரா நாகருக்குப் பால் ஊத்தினோம். நம்ம மாட்டையே பாம்பு போட்டுடுச்சே" என்றார் ஒருவர். புற்றை இடித்து, வேம்பையும் வெட்டுவதாகப் பேச்சு.

நான் பசுவை முறையாகப் பார்த்தேன். கால், மடி, மூக்கு எங்கும் கடிவாய் இல்லை, வீக்கமும் இல்லை. வாயில் நுரை, பல்லிடுக்கில் பச்சை மரவள்ளி இலை. வாடாத அந்த இலையை நிறையத் தின்றால் மாடு சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும். அஞ்சலையின் கூடையிலும் அதே இலை கிடந்தது; தெரியாமல் அவளே அறுத்துப் போட்டிருக்கிறாள். உரக்கச் சொல்லத் துணிவில்லாமல் அய்யாக்கண்ணுவின் காதில் சொன்னேன், கூடையைப் பற்றியும்.

அவர் பசுவின் வாயைத் திறந்து காட்டினார். "மரவள்ளி எல. கயிற அவுத்துக்கினு போய் மேஞ்சிருக்குது. பாம்பு மேலயும் குத்தமில்ல, அஞ்சல மேலயும் குத்தமில்ல." கடப்பாரைகள் தாழ்ந்தன. மஞ்சள் பூசி, தோலுரிக்காமல், வேம்பின் அந்தப் பக்கத்தில் பசுவைப் புதைத்தோம்.

திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "கும்புடறதுன்னா பயந்து பால் ஊத்தறது இல்ல சார். அதுக்குன்னு ஒரு எடம் வுடறது."

கண்டது நான், பேர் அவருக்கு. அதுவும் பொய் கலந்து சொன்னதற்கு! இருபது ஆண்டுகளுக்கு மேல் இதை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

அவர் இறுதிச் சடங்கில் அஞ்சலை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு என் கூடய நீங்க பாத்தது எனக்குத் தெரியும் சார். நீங்க வாயத் தொறந்திருந்தா, பசுவக் கொன்ன பொம்பளன்னு சாவற வரைக்கும் சொல்லியிருப்பாங்க."

உண்மையைச் சரியாகப் பார்த்தவன் நான். அந்த உண்மைக்குள் அவளுக்கும் ஓர் இடம் விடவேண்டும் என்று பார்த்தவர் அவர்.

பொறாமை இன்னும் போகவில்லை. அதை அடிக்கவும் இல்லை, பால் ஊற்றவும் இல்லை. அதன் புற்றில் விட்டு வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் கற்றுவைத்திருப்பது இவ்வளவுதான்.