தெளிந்த வானத்துக்கு மறுப்பு

மலேசியாவின் செடெனாக்கில் என் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு தென்துருவக் கண்டத்தில் ஒரு பயணத்துக்கு அனுமதி மறுத்தவன் நான். வானிலை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற என்னைப் பல்கலைக்கழகம் தன் துருவ ஆய்வுக்குப் பாதுகாப்பு ஆலோசகராக அழைத்திருந்தது. சம்பளம் இல்லை, 'முடியாது' என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு.

பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே மண் நுண்ணுயிர்களை ஆராயப் போன பெண் காணொளியில் அழைத்தாள். ஒரு பள்ளத்தாக்கின் முகப்பில் மண் மாதிரி எடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் அன்று மட்டும்தான்; மறுநாள் ஊர் திரும்பும் கப்பல். அதோடு அவளுக்கு அந்தப் பருவம் முடிந்துவிடும்.

"அங்கிள், வானம் பளிச்சுன்னு இருக்கு லா. ஒரு இலைகூட ஆடல."

"அங்க இலையே கிடையாதேம்மா."

"ஜோக் அடிக்காதீங்க. சரியா, இல்லையா?"

நம் ஊரில் கறுத்த மேகத்தோடுதான் காற்று வரும். அங்கே தெளிந்த வானத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உயர்ந்த பனிப்பீடபூமி, சாய்வாக விழும் கொஞ்ச வெயிலையும் வெண்பனி திருப்பி அனுப்பிவிடும். மேகப் போர்வை இல்லாவிட்டால் மிச்ச வெப்பமும் வானத்துக்குப் போய்விடும். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது. அதனால்தான் பனிக்குள் ஒரு பாலைவனம். பனியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீரைப் போலக் கடலை நோக்கி வழியும். பள்ளத்தாக்கு அதைக் குறுக்கி வேகப்படுத்தும். இறங்கு காற்று என்பது அதுதான். புயல் எதுவும் தேவையில்லை. குளிரும் சரிவும் போதும்.

"மேல பீடபூமியில டெம்பரேச்சர் என்ன?"

"அங்க வெச்சிருக்கற வெதர் மெஷின் நேத்தே செத்துப்போச்சு, அங்கிள்."

விவரம் வராவிட்டால் மோசமான விவரம் வந்ததாகக் கொள்ள வேண்டும். விதி அது, அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அங்குள்ள நிலையத் தலைவரோ, "உங்கள் ஆள், உங்கள் முடிவு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"போகக் கூடாது" என்றேன்.

அவள் வாதாடவில்லை. "ஓகே அங்கிள்" என்றாள். மறுநாள் செய்தி வந்தது: பள்ளத்தாக்கில் முந்தைய நாள் முழுக்கக் காற்றே இல்லை.

அவள் போயிருந்தால் மாதிரிகளோடு திரும்பியிருப்பாள். காற்று எப்போது வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த உண்மை எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. விதி சரி என்று மனைவியிடம் சொன்னேன். "யாரு இல்லைன்னா?" என்றாள்.

அந்தப் பெண் திரும்பிய வாரம் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்த வருஷம் திரும்பக் கேக்கப்போறேன். நீங்கதான் பாக்கணும்."

"வேற ஆள் பாரும்மா. நான் மறுபடியும் இல்லைன்னுதான் சொல்வேன்."

"தெரியும்," என்றாள். "அதான் உங்கள கேக்கறேன். ஆனா மேல இருக்கற மெஷின மொதல்ல ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க."

அதைப் பழுதுபார்க்கச் சொல்வதும் என் வேலையாக இருந்திருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.